முட்டையைத் தண்ணீரில் போடும் முன்: மிதக்கும் சோதனை, கழுவுதல், விரிசல், அவித்த முட்டையின் ஆயுள்

முட்டை நல்லதா கெட்டதா என்று அறியத் தண்ணீரில் போட்டுப் பார்ப்பது எல்லோருக்கும் தெரிந்த சோதனை. மூழ்கினால் நல்லது, மிதந்தால் கூமுட்டை என்று ஒரே வரியில் சொல்லி முடித்துவிடுகிறோம். அதை எப்போது செய்ய வேண்டும் என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை. வாங்கி வந்த கையோடு எல்லா முட்டைகளையும் தண்ணீரில் போட்டுப் பார்த்து, மூழ்கியவற்றைத் துடைத்து அடுக்கி வைக்கும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. என்னிடமும் சில வருடங்கள் இருந்தது. அது தவறான பழக்கம். சோதித்த நிமிடத்தில் அந்த முட்டைகள் நல்லவைதான். ஆனால் நனைத்து வைத்ததாலேயே அவை விரைவாகக் கெடத் தொடங்குகின்றன. தண்ணீர்ச் சோதனை, சமைக்கப் போகும் முட்டைக்கு மட்டும், சமைப்பதற்குச் சற்று முன் செய்ய வேண்டியது. இதற்கான காரணத்தைப் புரிந்துகொண்டால் கழுவலாமா, விரிசல் விட்டதை என்ன செய்வது, அவித்ததை எத்தனை நாள் வைக்கலாம் என்ற கேள்விகளுக்கும் விடை கிடைத்துவிடும்.

ஓடு மூடிய சுவர் அல்ல

முட்டை ஓடு பார்ப்பதற்குக் கெட்டியாக இருந்தாலும் அதில் ஆயிரக்கணக்கான நுண்துளைகள் இருக்கின்றன. ஒரு கோழிமுட்டையில் 7,000 முதல் 17,000 வரை இருக்கலாம். குஞ்சு உள்ளே மூச்சு விடுவதற்காக அமைந்த துளைகள் அவை. முட்டை வெளியே வரும்போது அதன் மேல் ஈரமான மெல்லிய பூச்சு ஒன்று படிந்திருக்கும். சில நிமிடங்களில் அது காய்ந்து, துளைகளின் வாயை அடைத்துக்கொள்கிறது. கிருமி உள்ளே போகாமல் தடுக்கும் முதல் காவல் அதுதான். அதற்குக் கீழே ஓடு, ஓட்டுக்கு உட்புறம் இரண்டு மெல்லிய சவ்வுகள், அதன் பிறகு வெள்ளைக்கரு. வெள்ளைக்கருவில் லைசோசைம் என்ற புரதம் கிருமிகளின் சுவரை உடைக்கிறது. இன்னொரு புரதம், கிருமிகளுக்குத் தேவையான இரும்புச்சத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும் இந்தக் காவல்களால்தான் பச்சை முட்டை வாரக்கணக்கில் கெடாமல் இருக்கிறது.

முட்டை இடப்படும்போது அதன் சூடு கோழியின் உடற்சூடாகிய ஏறக்குறைய 41 டிகிரி. வெளியே வந்து ஆறும்போது உள்ளிருப்பது சற்றே சுருங்குகிறது. அந்த இடத்தை நிரப்பக் காற்று துளைகள் வழியே உள்ளே வந்து, அகன்ற முனையில் இரண்டு சவ்வுகளுக்கும் இடையில் தங்குகிறது. இதுவே காற்றறை. புது முட்டையில் அதன் ஆழம் மூன்று மில்லிமீட்டர் அளவுதான் இருக்கும். நாள் ஆக ஆக உள்ளே உள்ள நீர் ஆவியாகி வெளியேற, அந்த அளவுக்குக் காற்றறை பெரிதாகிறது. தண்ணீர்ச் சோதனையில் நாம் பார்ப்பது இந்தக் காற்றறையைத்தான். கெட்டுப்போனதை நேரடியாகக் காட்டும் எதுவும் அந்தச் சோதனையில் இல்லை.

கழுவி வைக்கலாமா

வேண்டாம். நாள் கணக்கில் வைக்கப்போகும் முட்டையை வீட்டில் கழுவக் கூடாது. கழுவினால் அந்த மேற்பூச்சு கரைந்து துளைகள் திறந்துகொள்ளும். அதைவிடப் பெரிய ஆபத்து குளிர்ந்த தண்ணீரால் வருகிறது. அறைச்சூட்டில் இருக்கும் முட்டையைக் குளிர்ந்த தண்ணீரில் போட்டால் உள்ளிருப்பது சுருங்கும், சுருங்கும்போது வெளியே உள்ளதை உறிஞ்சும். இடப்பட்ட நாளில் காற்று உள்ளே போன அதே வழியில், இப்போது ஓட்டின் மேல் இருந்த எச்சத்தைக் கரைத்த தண்ணீர் போகும். அழுக்கைப் போக்குவதாக நினைத்துக்கொண்டு அழுக்கை உள்ளே அனுப்பிவிடுகிறோம்.

தொழில்முறையில் கழுவும் இடங்களில் முட்டையைவிடக் குறைந்தது 11 டிகிரி சூடான தண்ணீரைப் பயன்படுத்துவதற்குக் காரணம் இதுதான். சூட்டில் உள்ளிருப்பது விரிந்து வெளிப்புறமாகத் தள்ளும், தண்ணீர் உள்ளே நுழையாது. கழுவி, கிருமிநீக்கி தெளித்து, உடனே உலர்த்தி, அதன் பிறகு விற்கும் வரை குளிரிலேயே வைக்கிறார்கள். அமெரிக்காவில் கடைக்கு வரும் முட்டைகள் இப்படிக் கழுவப்பட்டவை. ஐரோப்பிய ஒன்றியத்தில் நேர்மாறான விதி: முதல்தர முட்டையைக் கழுவவே கூடாது, மேற்பூச்சு அப்படியே இருக்க வேண்டும். இரண்டு விதிகளும் தத்தம் வழியில் சரியானவை. கழுவினால் குளிரை விடக் கூடாது, குளிர் இல்லையென்றால் கழுவக் கூடாது. வீட்டில் கழுவும்போது முதல் விதியில் பாதியையும் இரண்டாவதில் பாதியையும் எடுத்துக்கொள்கிறோம். அதனால்தான் சிக்கல்.

அழுக்கு ஒட்டியிருந்தால் காய்ந்த சொரசொரப்பான துணியாலோ மெல்லிய தூரிகையாலோ உரசி எடுத்துவிடுங்கள். ஈரத்துணி வேண்டாம். எச்சம் அப்பிக்கொண்டு உரசினாலும் போகாத முட்டை இருந்தால் அதைத் தனியே வையுங்கள். சமைக்கும்போது, தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கும் ஓடும் நீரில் சட்டென்று கழுவி உடனே உடைத்துவிடலாம். ஊறவைக்க மட்டும் கூடாது. கழுவிய தொட்டியையும் கையையும் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே பச்சைக் காய்கறியைத் தொடுங்கள்.

வைக்கும் இடத்தைப் பற்றி ஒரு சொல். ஃபிரிட்ஜ் கதவில் முட்டைக்கென்றே குழிகள் இருக்கும். ஆனால் திறந்து மூடும்போதெல்லாம் சூடு ஏறி இறங்கும் இடமும் அதுதான். உள்தட்டில், மூடிய பெட்டியில், அகன்ற முனை மேலே இருக்கும்படி வையுங்கள். அப்படி வைத்தால் காற்றறை மேலேயே நிலைத்திருக்கும், மஞ்சள்கரு நடுவில் நிற்கும். 4 டிகிரி குளிரில் பச்சை முட்டை மூன்று முதல் ஐந்து வாரம் வரை தாங்கும். குளிரில் வைத்ததை வெளியே எடுத்துத் திரும்ப உள்ளே வைக்காதீர்கள். வெளிக்காற்று பட்டவுடன் ஓட்டில் வியர்வை போல் நீர் கோக்கும். கழுவினால் என்ன நடக்குமோ அதுவேதான் அங்கும் நடக்கிறது.

தேதி தெரியாத எட்டு முட்டைகள்

அண்மையில் என் ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில், எப்போது வாங்கியது என்று நினைவில்லாத எட்டு முட்டைகள் கிடைத்தன. அவற்றை நான் பார்த்த வரிசையிலேயே சொல்கிறேன். இதே வரிசையில் நீங்களும் பார்க்கலாம்.

முதலில் தண்ணீர் வேண்டாம், வெளிச்சம் போதும். அறையை இருட்டாக்கி, கைப்பேசி விளக்கின் மேல் முட்டையின் அகன்ற முனையை வைத்தால் முட்டை முழுவதும் செவ்வொளியில் தெரியும். காற்றறை விளக்கை ஒட்டிய அந்த முனையில் வெளிறிய வட்டமாகத் தெரியும், விரிசல் இருந்தால் மின்னல் கோடுபோல் பளிச்சென்று தெரியும். பழுப்பு ஓட்டில் சற்றுக் கூர்ந்து பார்க்க வேண்டும். விளக்கு இல்லையென்றால் இரண்டு முட்டைகளை எடுத்து மிக மெல்லத் தட்டிப் பாருங்கள். முழு ஓடு கணீரென்று ஒலிக்கும், விரிசல் விட்டது மந்தமாக ஒலிக்கும். என் எட்டில் ஒன்றில் மயிரிழை போன்ற கோடு தெரிந்தது. மேலோட்டமாகப் பார்த்தபோது அது என் கண்ணில் படவே இல்லை.

விரிசல் விட்ட முட்டையில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: அது எப்போது விரிந்தது? என் கண்முன் இப்போது கைதவறி இடித்து விரிந்திருந்தால் அதை வீணாக்கத் தேவையில்லை. உடனே சுத்தமான கிண்ணத்தில் உடைத்து ஊற்றி, இறுக மூடி, குளிரில் வைத்து, இரண்டு நாளுக்குள் நன்றாக வேகவைத்துச் சாப்பிட்டுவிடலாம். வெள்ளையும் மஞ்சளும் இரண்டுமே கெட்டியாகும் வரை வேக வேண்டும். கலந்த உணவாக இருந்தால் நடுப்பகுதி 71 டிகிரியைத் தொட வேண்டும். மாறாக, எப்போது விரிந்தது என்று தெரியவில்லை என்றால், அல்லது வாங்கும்போதே விரிந்திருந்தால், எறிந்துவிட வேண்டியதுதான். உள்சவ்வு கிழியாமல் ஓடு மட்டும் விரிந்திருந்தால் பரவாயில்லை என்று சிலர் சொல்வார்கள். சவ்வு கிழியவில்லை என்பதைக் கண்ணால் உறுதிசெய்ய முடியாது. கசிந்து ஓட்டில் பிசுபிசுப்பு இருந்தால் பேச்சுக்கே இடமில்லை, பக்கத்தில் இருந்த முட்டைகளிலும் அது ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். என் மயிரிழை முட்டை எப்போது விரிந்தது என்று எனக்குத் தெரியாது. குப்பையில் போட்டேன். முட்டையைச் சுவைத்துப் பார்த்து முடிவு செய்யும் பழக்கத்தை யாரும் வைத்துக்கொள்ள வேண்டாம். சால்மொனெல்லா கிருமிக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை, சுவையும் இல்லை.

மிச்சம் ஏழு. அன்றே எல்லாவற்றையும் சமைக்கப் போவதால் இப்போது தண்ணீரில் போடலாம். அகலத்தைவிட ஆழம் முக்கியம்: முட்டை நிமிர்ந்து நின்றாலும் அதற்கு மேல் ஓர் உள்ளங்கை அகலத்துக்குத் தண்ணீர் இருக்க வேண்டும். ஆழம் போதாவிட்டால் நிற்கும் முட்டை மிதப்பதுபோலத் தெரியும். வெறும் தண்ணீர் போதும், உப்புப் போடாதீர்கள். உப்பு கலந்தால் தண்ணீரின் அடர்த்தி கூடி, நல்ல முட்டையையும் அது தூக்கிவிடும். தண்ணீர் முட்டையைவிடச் சற்றுச் சூடாக இருக்கட்டும். கரண்டியில் வைத்து ஒவ்வொன்றாக மெதுவாக இறக்குங்கள். பத்து விநாடிகளில் அது தன் நிலைக்கு வந்துவிடும்.

பக்கவாட்டில் அடியோடு படிந்து கிடந்தால் அது மிகப் புதியது. அகன்ற முனை சற்றே தூக்கிக்கொண்டு சாய்ந்திருந்தால் ஒன்றிரண்டு வாரம் ஆகியிருக்கலாம். கூர்முனை அடியில் பட்டபடி செங்குத்தாக நின்றால் பழையது, ஆனால் இன்னும் மூழ்கியே இருக்கிறது. மேலே வந்து மிதந்தால் மிகப் பழையது.

அது ஏன் மிதக்கிறது என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு போதும். இடப்பட்ட நாளில் 60 கிராம் எடையுள்ள முட்டையின் கொள்ளளவு ஏறக்குறைய 55 மில்லி. ஓடு கெட்டியானது என்பதால் இந்தக் கொள்ளளவு மாறாது. நீர் ஆவியாகி எடை மட்டும் குறைந்துகொண்டே வரும். 55 மில்லி தண்ணீரின் எடை 55 கிராம். ஆக முட்டையின் எடை அதற்குக் கீழே இறங்கினால் அது மிதக்கும். ஐந்து கிராம் நீரை இழந்த முட்டை என்பதே மிதக்கும் முட்டையின் பொருள்.

இந்தக் கணக்கே சோதனையின் எல்லையையும் சொல்லிவிடுகிறது. ஐந்து கிராம் நீர் எத்தனை நாளில் போகும் என்பது சூட்டையும் காற்றின் ஈரப்பதத்தையும் பொறுத்தது. வறண்ட, சூடான இடத்தில் விரைவாகப் போகும். மூடிய பெட்டியில் குளிரில் வைத்தால் மிக மெதுவாகப் போகும். ஓட்டில் எண்ணெய் தடவி விற்கப்படும் முட்டையில் நீர் வெளியேறுவதே குறைவு, அதனால் பழையதாக இருந்தாலும் அது அடியிலேயே கிடக்கும். அன்று காலையில் இட்ட முட்டைக்குள் கிருமி இருந்தாலும் அது கல்போல் மூழ்கும். வயதைக் கணிக்க இந்தச் சோதனை உதவும், நோய்க்கிருமி உண்டா என்பதை ஒருநாளும் சொல்லாது. மறுபுறம், மிதந்த முட்டை எல்லாமே அழுகியது என்றும் சொல்ல முடியாது. ஆனால் அதை உடைத்துப் பார்த்துக் காப்பாற்றும் முயற்சி வேண்டாம் என்பதே என் முடிவு. ஒரு முட்டைக்காக அந்த ஆபத்தை எடுத்துக்கொள்ளத் தேவையில்லை.

தண்ணீரில் இறக்கியவுடன் ஒரே இடத்திலிருந்து நூல் பிடித்தாற்போல் சின்னக் குமிழிகள் தொடர்ந்து வந்தால், அங்கே கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கிறது என்று கொள்ளுங்கள். ஓட்டின் மேல் ஆங்காங்கே ஒட்டி நிற்கும் குமிழிகளுக்கு அந்தப் பொருள் இல்லை.

என் ஏழில் ஒன்று மிதந்தது. குப்பைக்குப் போயிற்று. மூன்று சாய்ந்து கிடந்தன, மூன்று நிமிர்ந்து நின்றன. சாய்ந்தவற்றை அன்றைய பொரியலுக்கு எடுத்துக்கொண்டேன். ஒவ்வொன்றையும் நேராகச் சட்டியில் உடைக்காமல், முதலில் ஒரு சின்னக் கிண்ணத்தில் உடைத்துப் பார்த்தேன். இதை எல்லோரும் பழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். கெட்டது ஒன்று வந்தால் அது கிண்ணத்தோடு போகும், மற்றவை தப்பும். நல்ல முட்டையில் மஞ்சள்கரு மேடாக நிற்கும், அதைச் சுற்றிய வெள்ளை குழகுழவென்று கூடியிருக்கும். பழையதில் மஞ்சள் தட்டையாகவும் வெள்ளை தண்ணீராகவும் பரவும். அது தரக்குறைவே தவிர நஞ்சு அல்ல. வெள்ளைக்கரு சற்றுப் பால்போல் கலங்கி இருந்தால் பயப்படாதீர்கள், புது முட்டையில் கரிமிலவாயு இன்னும் வெளியேறாததால் வரும் கலக்கம் அது. சிவப்புப் புள்ளியும் தீங்கற்றது. இளஞ்சிவப்போ பச்சையோ கலந்து மினுக்கும் வெள்ளைக்கரு மட்டும் கிருமி பெருகியதன் அடையாளம். அழுகல் வாடை வந்தால் வேறு சோதனையே வேண்டாம்.

நிமிர்ந்து நின்ற மூன்றையும் அவித்தேன்

இதற்கு ஒரு காரணம் உண்டு. மிகப் புதிய முட்டையை அவித்தால் ஓடு உரிக்க வராது, வெள்ளைக்கரு பிய்ந்து ஓட்டோடு போகும். புது முட்டையின் வெள்ளைக்கருவில் காரத்தன்மை குறைவு, அந்த நிலையில் அது உள்சவ்வைக் கெட்டியாகப் பற்றிக்கொள்கிறது. நாளாக ஆகக் கரிமிலவாயு துளைகள் வழியே வெளியேறிக் காரத்தன்மை கூடுகிறது, பிடி தளர்கிறது. எனவே நிமிர்ந்து நிற்கும் முட்டை அவிப்பதற்கு ஏற்றது. கொதிக்கும் நீரில் பதினோரு, பன்னிரண்டு நிமிடம் விட்டால் மஞ்சள்கரு முழுதும் கெட்டியாகிவிடும்.

பச்சை முட்டை ஐந்து வாரம் வரை தாங்கும்போது, வெந்த முட்டை அதைவிட அதிக நாள் இருக்கும் என்றுதான் மனம் நினைக்கிறது. உண்மை நேர்மாறானது. அவித்த முட்டை குளிரில் ஒரு வாரம்தான். கொதிநீர் அந்த மேற்பூச்சை முழுதாகப் போக்கிவிடுகிறது. வெள்ளைக்கருவில் கிருமியோடு போராடிய லைசோசைமும் சூட்டில் செயலிழந்துவிடுகிறது. இருந்த கிருமிகள் வேகும்போது செத்துவிட்டன என்பது சரிதான், ஆனால் பின்னால் வரும் கிருமிகளுக்கு வாசலும் திறந்திருக்கிறது, காவலும் இல்லை.

எனவே ஆற வைக்கும்போதே கவனம் வேண்டும். வெந்த முட்டை குளிர்ந்த நீரில் ஆறும்போது, முன்பு சொன்னபடியே, சுற்றியுள்ள தண்ணீரை உள்ளே இழுக்கும். அந்தத் தண்ணீர் குடிக்கத்தக்க சுத்தமான தண்ணீராக இருக்கட்டும். பாத்திரம் கழுவும் தொட்டியில் தேங்கிய நீரிலோ, பச்சை முட்டையைச் சோதித்த அதே நீரிலோ போடாதீர்கள். ஐந்து, பத்து நிமிடத்தில் எடுத்துத் துடைத்து, ஓட்டின் மேல் பென்சிலால் தேதி எழுதி, மூடிய பெட்டியில் குளிரில் வையுங்கள். அவித்து இரண்டு மணி நேரத்துக்குள் இது முடிந்துவிட வேண்டும். வெளியே 32 டிகிரிக்கு மேல் வெயில் இருந்தால் ஒரு மணி நேரம்தான் கெடு. காலையில் அவித்து மேசையில் மறந்துவிட்டு இரவில் நினைவுக்கு வந்த முட்டையை, எவ்வளவு நன்றாகத் தோன்றினாலும், எடுத்து வைக்கக் கூடாது.

ஓட்டோடு வைப்பதே நல்லது. உரித்தாலும் அதே ஒரு வாரம்தான் என்று பொதுவாகச் சொல்வார்கள். ஆனால் உரித்தது காய்ந்து ரப்பர்போல் ஆகும், பக்கத்தில் இருக்கும் உணவின் வாடையையும் ஏற்றுக்கொள்ளும். உரித்தவற்றை நான் ஈரத் துணித்தாளால் மூடிய பெட்டியில் வைத்து இரண்டு நாளில் தீர்த்துவிடுவேன். அவியும்போது வெடித்து வெள்ளை பிதுங்கிய முட்டை சாப்பிட நல்லதுதான், கொதிநீரிலேயே வெடித்ததால் கவலையில்லை. ஆனால் அதைச் சேமிக்காமல் முதலில் சாப்பிட்டுவிடுங்கள். மஞ்சள்கரு இளகியிருக்கும்படி அவித்தது சேமிப்புக்கு ஆகாது, அப்போதே சாப்பிட வேண்டியது. அதையும் சிறு குழந்தைகள், கர்ப்பிணிகள், முதியோருக்குக் கொடுக்க வேண்டாம். உறைநிலையில் வைக்கும் எண்ணமும் வேண்டாம், வெள்ளைக்கரு நீர் விட்டுக் கெட்டிப்பட்டுப்போகும்.

பெட்டியைத் திறந்தவுடன் இலேசாகக் கந்தக வாடை வருவது அவித்த முட்டைக்கு இயல்பு, ஓரிரு நிமிடத்தில் அது போய்விடும். மஞ்சள்கருவைச் சுற்றிய பச்சை வளையமும் கெட்டதற்கு அடையாளம் அல்ல. அதிக நேரம் வெந்ததால் மஞ்சள்கருவின் இரும்பும் வெள்ளைக்கருவின் கந்தகமும் சேர்ந்து உண்டாகும் நிறம் அது. போகாத அழுகல் நாற்றம், தொட்டால் வழுக்கும் பிசுக்கு, ஓட்டின் மேல் மாவு படிந்தாற்போன்ற பூஞ்சை, இவற்றில் ஒன்று இருந்தாலும் தேதியைப் பார்க்க வேண்டாம், எறிந்துவிடுங்கள்.

பச்சையும் அவித்ததும் ஒரே பெட்டியில் கலந்துவிட்டால் மேசையில் வைத்துச் சுழற்றிப் பாருங்கள். அவித்தது பம்பரம்போல் நிலையாகச் சுழலும், பச்சை தள்ளாடும். அவித்ததை மறுபடி தண்ணீரில் போட்டுப் புதியதா என்று பார்ப்பதில் பயன் இல்லை. அதன் வயதைக் காட்டுவது பென்சிலால் எழுதிய அந்தத் தேதி ஒன்றுதான். என் மூன்றில் இரண்டு மறுநாளே தீர்ந்தன. கடைசி ஒன்றை ஆறாம் நாள் உரித்தேன், ஓடு இரண்டே சில்லாகக் கழன்று வந்தது.